திங்கள் மீட்டிங்கில் ஆங்கிலத்தில் கதைப்பது: வீட்டில் தமிழ் மட்டும் என்றால் எப்படிப் பழகுவது?

வெருகலாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் குடிநீர்க் கிணறுகள் திருத்திக் கொடுக்கும் வேலை. ஒவ்வொரு திங்களும் காலையில் கொழும்பு ஒஃபிஸோடு ஸூமில் மீட்டிங் நடக்கும். நிதி தருகிற நிறுவனத்தின் ஆளும் இருப்பார். அதனால் முழுக்க ஆங்கிலம்தான்.

எழுதுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை. மாத ரிப்போர்ட் நான்தான் எழுதுகிறேன், அதிகம் திருத்தம் வராது. மற்றவர்கள் கதைப்பதும் விளங்குகிறது. என் முறை வரும்போதுதான் எல்லாம் குழம்பிப் போகிறது. போன கிழமை நான் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்: மழை பெய்து வெருகல் ரோட்டில் தண்ணீர் ஏறியதால் கொந்தராத்துக்காரரின் லொறி போக முடியாமல் சீமெந்து மூதூரிலேயே நிற்கிறது, அதனால் இரண்டு கிணறு முடியவில்லை, இன்னும் பத்து நாள் வேண்டும். மழையில் தொடங்கி லொறிக்கு வந்திருப்பேன், முகாமையாளர் இடையில் புகுந்து "ஸோ, இஸ் இட் டன் ஓர் நொட்?" என்று கேட்டார். "நொட் டன்" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை, அவரும் அடுத்த ஆளிடம் போய்விட்டார். பின்னேரம் மினிட்ஸ் வந்தபோது "வெருகல்: வேலை முடியவில்லை" என்று ஒரு வரிதான் இருந்தது. காரணமும் இல்லை, பத்து நாள் கேட்டதும் இல்லை.

வீட்டில் அம்மா, கணவர், பிள்ளைகள் எல்லோரோடும் தமிழ்தான். ஒஃபிஸிலும் பக்கத்து மேசைக்காரரோடு தமிழ்தான். கிழமையில் அந்த ஒரு மணித்தியாலம் மட்டும்தான் ஆங்கிலம். வகுப்புக்குப் போக நேரமில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

சீனக்குடா எழுதியது:

தங்கச்சி, வீட்டில் தினமும் ஒரு மணித்தியாலம் ஆங்கிலம் மட்டும்தான் என்று ஒரு சட்டம் போடுங்கள். பிள்ளைகளுக்கும் நல்லது. ஆங்கிலச் செய்தி கேளுங்கள், பத்திரிகையைச் சத்தம் போட்டு வாசியுங்கள். முக்கியமானது, ஆங்கிலத்திலேயே யோசிக்கப் பழக வேண்டும். தமிழில் யோசித்து மொழிபெயர்க்கிற வரைக்கும் இப்படித்தான் இடையில் நிற்கும். நான் மில்லில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சத்தமாக வாசித்தே வாயைத் திருத்திக்கொண்டேன்.

உவர்மலை அக்கா எழுதியது:

வெருகலாறு தங்கச்சி, உங்கள் பதிவில் மினிட்ஸ் பற்றிச் சொன்ன இடம்தான் என்னைப் பிடித்தது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் நிறைய வந்தன. அந்தக் கூட்டங்களில் குறிப்பெடுக்கும் வேலையில்தான் நான் தொடங்கினேன். பிறகு புதிதாகச் சேர்கிற கள உத்தியோகத்தர்களைக் கூட்டங்களுக்குத் தயார்படுத்தும் வேலையும் என்னிடம் வந்தது. உங்களுக்கு நடந்தது போல எத்தனையோ பேருக்கு நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

நீங்கள் இடையில் நின்றதற்குக் காரணம் சொற்கள் இல்லாதது அல்ல. நீங்கள் சொல்ல வந்ததைத் தமிழில் ஒருமுறை பாருங்கள். "மழை பெய்து, தண்ணீர் ஏறியதால், போக முடியாமல்" என்று ஒவ்வொரு துண்டும் முடியாமல் அடுத்ததைப் பிடித்துக்கொண்டு போகிறது. கேட்பவருக்கு இன்னும் வரப்போகிறது என்று காதிலேயே தெரியும், அதனால் பொறுத்திருப்பார். முக்கியமான விஷயத்தைக் கடைசியில் வைத்தாலும் பிழையில்லை. அதையே ஆங்கிலத்தில் சொல்லும்போது நாங்கள் ஒவ்வொரு துண்டையும் தனி வசனமாக்கிவிடுகிறோம். "தேர் வொஸ் ஹெவி ரெய்ன்." நிறுத்தம். "த ரோட் வொஸ் ஃப்ளடட்." நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குரல் கீழே இறங்குகிறது. அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது "முடித்துவிட்டேன்" என்று கேட்கும். ஆனால் அவருக்கு வேண்டியது இன்னும் வரவில்லை. அதுதான் உள்ளே புகுந்து கேட்கிறார். பல நேரம் அதில் கெட்ட எண்ணம் கிடையாது.

குறிப்பெடுக்கிற ஆளுக்கு வேண்டியது மூன்று: வேலை எந்த நிலையில் இருக்கிறது, எப்போது முடியும், ஏன். இதே வரிசையில் சொன்னால் இடையில் யார் வெட்டினாலும் முக்கியமானது ஏற்கெனவே பதிவாகிவிடும். உங்கள் விஷயத்தையே எடுப்போம்:

"டூ வெல்ஸ் இன் வெருகல் ஆர் நொட் ஃபினிஷ்ட். வீ வில் ஃபினிஷ் தெம் பை த ட்வென்டி ஃபிஃப்த். த ரோட் வொஸ் ஃப்ளடட், ஸோ த சிமென்ட் இஸ் ஸ்டில் இன் மூதூர்."

மூன்று வசனம், அவ்வளவுதான். பத்து நாள் என்பதைத் திகதியாக மாற்றியிருப்பதைக் கவனியுங்கள். "டென் மோர் டேய்ஸ்" என்றால் எந்த நாளிலிருந்து என்று கேட்பார்கள், அது இன்னொரு கேள்வி. திகதி சொன்னால் குறிப்பெடுப்பவர் அதை அப்படியே எழுதிவிடுவார். முதல் வசனத்தில் "டூ வெல்ஸ்", "நொட் ஃபினிஷ்ட்" இரண்டையும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். நாங்கள் எல்லாச் சொல்லையும் ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள். ஸூமில் சத்தம் விட்டு விட்டு வரும்போது அழுத்தின சொல்தான் போய்ச் சேரும்.

இனி வீட்டு விஷயம். சீனக்குடா அண்ணா, சத்தமாக வாசிப்பது நல்லதுதான், வாய்க்கு அது உதவும். ஆனால் பத்திரிகை வசனம் யாரோ எழுதி வைத்தது. மீட்டிங்கில் வசனத்தை நாங்களே அந்த நேரத்தில் கட்ட வேண்டும், அந்த வேலையை வாசிப்பு பழக்காது. வீட்டில் ஆங்கிலச் சட்டம் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. களைத்து வருகிற பெண் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் தடுமாறினால் நாலு நாளில் விட்டுவிடுவார். வீட்டில் தமிழ் தமிழாகவே இருக்கட்டும். அந்தத் தமிழிலேயே வரிசையைப் பழகலாம். "இன்றைக்கு வேலை எப்படி?" என்று அம்மா கேட்டால், "இரண்டு கிணறு முடியவில்லை. 25ஆம் திகதி முடியும். ரோட்டில் தண்ணீர், சீமெந்து வரவில்லை" என்று முடிவை முன்னால் வைத்துச் சொல்லுங்கள். முதலில் ஒரு மாதிரி வெட்டிக் கதைப்பது போல இருக்கும். ஆனால் வரிசை பழகிவிட்டால் மீட்டிங்கில் ஆங்கிலம் மட்டும்தான் பாரம், இரண்டும் சேர்ந்து அமுக்காது.

தம்பலகாமம் எழுதியது:

நல்ல இழை. என் மகன் அடுத்த வருடம் ஓ/எல் எழுதுகிறான். ஆங்கிலப் பாடத்துக்கு டவுனில் நல்ல வகுப்பு எது என்று யாராவது சொல்வீர்களா? இலக்கணத்தில் கொஞ்சம் பின்னுக்கு.

உவர்மலை அக்கா எழுதியது:

தம்பலகாமம் தம்பி, இங்கே போவது வேலை செய்கிறவர்களின் கூட்டத்து ஆங்கிலம். பரீட்சைக்கு வேண்டியது வேறு. தனியாக ஓர் இழை தொடங்குங்கள், ஆசிரியர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள், பார்ப்பார்கள்.

கிண்ணியாக்கரை எழுதியது:

ஸலாம். நான் ஒரு கட்டட வேலைத்தளத்தில் மேற்பார்வையாளர். எனக்கு நடந்தது வேறு மாதிரி. கொங்கிரீட் கனவடிவங்களை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தோம், முடிவு வரவில்லை. மீட்டிங்கில் ஆலோசகர் பொறியியலாளர் "ஹேவன்ட் த ரிசல்ட்ஸ் கம்?" என்று கேட்டார். நான் "யெஸ்" என்றேன். ஓம், வரவில்லை என்ற கருத்தில்தான் சொன்னேன். அவர் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த தட்டு கொங்கிரீட் போட நாள் குறித்துவிட்டார். பிறகு தொலைபேசியில் விளக்கப்படுத்த வேண்டி வந்தது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

உவர்மலை அக்கா எழுதியது:

கிண்ணியாத் தம்பி, இது எங்கள் ஆட்களிடம் நான் அதிகம் கண்ட சிக்கல். ஆங்கிலம் சரளமாக வருகிறவர்களுக்கும் நடக்கும், ஏனென்றால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, யாரும் திருத்தவும் மாட்டார்கள். "வரவில்லையா?" என்று கேட்டால் தமிழில் "ஓம், வரவில்லை" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று அந்த ஓம் சொல்கிறது. ஆங்கிலத்தில் யெஸ், நோ இரண்டும் கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்ததைத்தான் பார்க்கும். வரவில்லை என்றால் கேள்வி எப்படி இருந்தாலும் "நோ"தான்.

மீட்டிங் நடுவில் இதை யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் நான் பழக்குவது, இல்லை என்று வருகிற கேள்விக்கு யெஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம். விஷயத்தையே வசனமாகச் சொல்லுங்கள்: "த ரிசல்ட்ஸ் ஹேவ் நொட் கம் யெட்." பிழைக்க இடமே இல்லை.

இதோடு சேர்ந்தது "காண்ட்". ஸூமில் கடைசி "ட்" விழுந்துவிடும். "வீ காண்ட் போர் ஒன் ஃப்ரைடே" என்று நீங்கள் சொல்ல, அந்தப் பக்கம் "வீ கேன்" என்று கேட்கலாம். "கெனொட்" என்று முழுதாகச் சொல்லுங்கள். "டிட் நொட்", "ஹேவ் நொட்" எல்லாம் அப்படியே. நட்போடு கதைக்கும்போது கொஞ்சம் கட்டையாகக் கேட்கும்தான், ஆனால் கொங்கிரீட் போடுகிற நாளைக் குறிக்கும்போது தெளிவுதான் பெரிது.

சீனக்குடா எழுதியது:

அக்கா சொல்வதில் ஒன்று எனக்கு இடிக்கிறது. மூன்று வசனத்தை வீட்டில் தயாரித்துக்கொண்டு போகலாம், சரி. கேள்வி வந்தால்? தங்கச்சி பாடமாக்கியது முடிந்ததும் திரும்பவும் வெறும் வாயோடு நிற்பார். அதனால்தான் ஆங்கிலத்தில் யோசிக்கப் பழகச் சொன்னேன். தயார் வசனம் ஊன்றுகோல் மாதிரி, எவ்வளவு நாளைக்குப் பிடித்துக்கொண்டு நடப்பது?

உவர்மலை அக்கா எழுதியது:

நியாயமான கேள்வி அண்ணா. வசனத்தைப் பாடமாக்க நான் சொல்லவில்லை. பாடமாக்கினால் ஒரு சொல் தவறும்போது முழுதும் போய்விடும், நீங்கள் சொல்வது சரி. ஒரு துண்டுக் கடதாசியில் நான்கு சொல் மட்டும் எழுதுங்கள்: 2 கிணறு, 25, வெள்ளம், மூதூர். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. அதைப் பார்த்து வசனத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. மொழி ஆசிரியர்கள் 4/3/2 என்பார்கள். ஒரே விஷயத்தை முதலில் 4 நிமிடத்தில் ஒருவருக்குச் சொல்வது, பிறகு வேறொருவருக்கு 3 நிமிடத்தில், அப்புறம் இன்னொருவருக்கு 2 நிமிடத்தில். விஷயம் மாறாது, நேரம் மட்டும் சுருங்கும். என்ன சொல்வது என்று மூன்றாவது தடவை யோசிக்க வேண்டியிருக்காது, அதனால் வாய் ஓடத் தொடங்கும். மீட்டிங் அறிக்கைக்கு 4 நிமிடம் கூடிப்போச்சு. 2 நிமிடம், ஒன்றரை, ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒஃபிஸ் வாகனத்தில் மூதூருக்குப் போகும்போது கூட வருகிற ஆளுக்கு ஒருமுறை, மிச்சம் போனில் பதிவு செய்யுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். இந்தப் பயிற்சி ஓட்டத்தைத்தான் தரும், பிழையைத் திருத்தாது. "ஐ ஆம் ஹேவிங் டூ ரீசன்ஸ்" என்று மூன்று தடவை சொன்னால் அது இன்னும் இறுகிவிடும். அதனால் முதல் பதிவைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு பிழையைப் பிடியுங்கள், அடுத்த தடவையில் அதை மாற்றிச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்கப் போனால் ஓட்டமும் போய்விடும்.

கேள்விகளைப் பொறுத்தவரை, திங்கள் மீட்டிங்கில் கேட்பவை பெரும்பாலும் சுற்றிச் சுற்றி அதேதான்: கூடச் செலவாகுமா, வேறு வழி இருக்கிறதா, யார் பொறுப்பு. இந்த மூன்றுக்கும் விடையைத் தமிழிலாவது யோசித்து வைத்திருந்தால் ஆங்கிலம் கொஞ்சம் தட்டினாலும் வந்துவிடும். பதில் தெரியாத கேள்விக்கு: "லெட் மீ செக் வித் த கொன்ட்ராக்டர். ஐ வில் ஈமெயில் யூ பை த்ரீ." நேரத்தோடு சொன்னால் அதுவே முழுப் பதில். இந்த ஒரு வசனத்தை மட்டும் பாடமாக்கச் சொல்வேன்.

சீனக்குடா எழுதியது:

பயிற்சி பிடித்திருக்கிறது அக்கா. வீட்டில் ஆங்கிலம் வேண்டாம் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கதைக்கிற மொழி எப்படி வளரும்? என் பிள்ளைகளோடு நான் செய்தேன், பலித்தது.

வெருகலாறு எழுதியது:

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. இன்று மீட்டிங் முடிந்தது. துண்டுக் கடதாசியில் நான்கு சொல்லோடு போனேன். முதல் இரண்டு வசனத்துக்கும் யாரும் குறுக்கே வரவில்லை. மூன்றாவதை முடிக்க முன்னர் முகாமையாளர் கேட்டார், ஆனால் இந்த முறை "எனி எக்ஸ்ட்ரா கொஸ்ட்?" என்றுதான். நீங்கள் சொன்ன கேள்வியேதான்.

அங்கேதான் சிக்கல் வந்தது. லொறிக்கூலி கூடுதலாக ஒன்றரை இலட்சம் என்று "வன் அண்ட் ஹாஃப் லேக்ஸ்" என்றேன். கொழும்பு ஆட்களுக்கு விளங்கியது. நிதி தருகிறவரின் ஆள் ஐரோப்பாக்காரர், "ஹவ் மச்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இலட்சத்தை ஆயிரமாக மாற்ற எனக்கு மனதில் நேரம் எடுத்தது. இடையில் கொழும்பில் இருந்து ஒருவர் "வன் ஃபிஃப்டி தௌசண்ட்" என்று சொல்லி முடித்தார். மினிட்ஸில் திகதியும் காரணமும் வந்திருக்கின்றன. தொகைக்குப் பக்கத்தில் "உறுதிப்படுத்தவும்" என்று போட்டிருக்கிறார்கள்.

உவர்மலை அக்கா எழுதியது:

திகதியும் காரணமும் வந்துவிட்டதே, நல்லது. தொகையை இன்றைக்கே ஈமெயிலில் இலக்கத்தில் எழுதி அனுப்பிவிடுங்கள், நாளைக்கு விட வேண்டாம்.

இனி எண் வருகிற இடங்களில், போவதற்கு முன் கடதாசியில் ஆயிரத்திலும் மில்லியனிலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றரை இலட்சம் என்றால் 150,000. இருபத்தைந்து இலட்சம் என்றால் 2.5 மில்லியன். இலட்சம் எங்கள் பக்கத்துக் கணக்கு, அவர்கள் மனதில் அப்படி ஒரு பெட்டியே இல்லை. அப்புறம் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பம். ஃபிஃப்டீனில் பின் பக்கம் நீண்டு அழுத்தி வர வேண்டும், ஃபிஃப்டியில் முன் பக்கம். லைன் மோசமென்றால் "ஃபிஃப்டீன், வன் ஃபைவ்" என்று இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சீமெந்து மூட்டைக் கணக்கில் இது பெரிய வித்தியாசம்.

நிலாவெளிக் காற்று எழுதியது:

நான் ஹோட்டலில் முன் மேசையில் வேலை. வெளிநாட்டு விருந்தினரோடு ஆங்கிலம் கதைப்பதில் எனக்குப் பயமில்லை, நாள் முழுக்க அதுதான். ஆனால் பகுதித் தலைவர்களின் காலைக் கூட்டத்தில் வேறு தொல்லை. ஆங்கிலத்தில் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் சிங்களத்துக்குப் போய்விடும். எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான். நான் ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னால் பதில் சிங்களத்தில் வரும். முடிவு என்ன என்று தெரியாமலே வெளியே வருவேன். இதற்கு என்ன செய்வது?

சீனக்குடா எழுதியது:

1987இல் 13ஆவது திருத்தத்தில் தமிழும் ஆட்சிமொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பிலேயே வந்துவிட்டது. கூட்டம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது தம்பி.

உவர்மலை அக்கா எழுதியது:

சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் தனியார் ஹோட்டலின் காலைக் கூட்டம் எந்த மொழியில் நடக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. பத்துப் பேர் முன்னால் சட்டத்தைத் தூக்கினால் தம்பிக்கு அடுத்த நாள் வேலை செய்வது கஷ்டமாகிவிடும்.

நிலாவெளித் தம்பி, மொழியை மாற்றச் சொல்லிக் கேட்பதைவிட, உங்களுக்கு விளங்கியதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லி உறுதி கேளுங்கள். "ஸோ, த க்ரூப் செக்ஸ் இன் அட் டூ, அண்ட் ஹவுஸ்கீப்பிங் ஃபினிஷஸ் பை வன். இஸ் தட் ரைட்?" பிழையாக இருந்தால் உடனே திருத்துவார்கள், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வரும், ஏனென்றால் நீங்கள் சொன்ன வசனத்தைத்தான் அவர்கள் திருத்த வேண்டும். நேரம், எண்ணிக்கை, பொறுப்பு என்று உங்கள் பகுதியைத் தொடுகிற இடங்களில் மட்டும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் கேட்டால் கூட்டம் இழுபடும்.

நிலாவெளிக் காற்று எழுதியது:

சரி அக்கா, நாளைக்கே செய்து பார்க்கிறேன். ஆனால் முழுதும் சிங்களத்திலேயே போய், எனக்கு ஒரு துண்டுகூடப் பிடிபடாத நாட்களும் உண்டு. திருப்பிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காதே?

கிண்ணியாக்கரை எழுதியது:

எங்கள் தளத்திலும் அப்படி நாட்கள் வரும். கூட்டம் முடிந்த கையோடு ஒருவர் வட்ஸ்அப் குழுவில் அன்றைய முடிவுகளை ஆங்கிலத்தில் மூன்று வரி போடுவார். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எழுதுவதற்காக என்றால் "வட் டிட் வீ டிசைட்?" என்று கடைசியில் கேட்பதில் கூச்சமில்லை, அவர்களும் பொறுமையாகச் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் முகாமையாளர் நல்ல மனிசன். உங்கள் இடத்தில் சரிவருமோ தெரியாது.

நிலாவெளிக் காற்று எழுதியது:

எங்கள் குழுவில் இப்போது ஒருவரும் அப்படிப் போடுவதில்லை. முகாமையாளரிடம் தனியாகக் கேட்டுப் பார்க்கிறேன்.